வாடகை வீடும் காப்பீடும்: உரிமையாளரிடம் கேட்க வேண்டியவை, குடியிருப்பவர் எடுக்க வேண்டியவை

வாடகை வீட்டில் தீயோ தண்ணீரோ சேதம் செய்தால், உரிமையாளரின் காப்பீடு கட்டடத்துக்குப் பணம் தரும். குடியிருப்பவரின் கட்டிலுக்கும் மடிக்கணினிக்கும் துணிமணிக்கும் அது தராது. ஒரு பொருள் கெட்டால் யாருக்கு இழப்போ அவர்தான் அதற்குக் காப்பீடு எடுக்க முடியும் என்பதே இதற்குக் காரணம். உங்கள் சோபா எரிந்தால் உரிமையாளருக்கு இழப்பில்லை, அதனால் அவருடைய பாலிசியில் அது இடம்பெறாது. இவ்வளவும் பலருக்குத் தெரியும். ஆனால் அந்தச் சேதத்துக்கே குடியிருப்பவர் காரணம் என்றால் கட்டடத்தின் செலவும் அவர் தலையில் விழலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. உரிமையாளரிடம் கேட்கும் கேள்விகளில் முக்கியமானவை இந்த இரண்டாவது விஷயத்தைச் சுற்றியே இருக்க வேண்டும்.

ஒரு குழாய் கழன்றால் யார் யாருக்கு என்ன இழப்பு

இரண்டாம் மாடியில் ஒரு வாடகை வீடு. சலவை இயந்திரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ரப்பர் குழாய், ஆள் இல்லாத நேரத்தில் கழன்றுவிடுகிறது. மாலை கதவைத் திறக்கும்போது வீடெங்கும் தண்ணீர். இழப்பு நான்கு இடங்களில் இருக்கிறது. தொகைகள் கணக்குக்காகத்தான், எந்த நாணயத்துக்கும் பொருத்திக்கொள்ளலாம். வீட்டின் மரத்தரையும் பதித்த அலமாரிகளும் ஊறியதில் 60,000. கீழ்வீட்டுக் கூரைப் பூச்சு உதிர்ந்ததில் 25,000. கீழ்வீட்டுக்காரரின் தொலைக்காட்சியும் சோபாவும் 40,000. குடியிருப்பவரின் மெத்தை, மடிக்கணினி, துணிகள் 50,000.

முதல் இரண்டும் கட்டடம். உரிமையாளரின் பாலிசியோ, அடுக்குமாடியின் பொதுப் பாலிசியோ இவற்றுக்குத் தரும். நான்காவது, குடியிருப்பவர் தன் பொருட்களுக்கு எடுத்த பாலிசியில் வரும். அது இல்லையென்றால் 50,000 கைப்பணம். மூன்றாவதுக்குக் கீழ்வீட்டுக்காரர் தன் பாலிசியில் கோருவார், அல்லது நேராக மேல்வீட்டுக் குடியிருப்பவரிடம் கேட்பார்.

கதை இங்கே முடிவதில்லை. கட்டடத்துக்கு 85,000 கொடுத்த காப்பீட்டு நிறுவனம், சேதம் யாருடைய கவனக்குறைவால் வந்தது என்று பார்க்கும். இழப்பீடு கொடுத்த பிறகு, இழந்தவரின் இடத்தில் நின்று காரணமானவரிடம் அந்தத் தொகையை வசூலிக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. பாலிசிகளில் இதற்குப் பதிலீட்டு உரிமை என்று பெயர். குழாய் வெடிப்பு விட்டிருந்ததும் பார்த்தும் மாற்றாமல் விட்டதும் தெரியவந்தால், 85,000 கேட்டுக் குடியிருப்பவருக்கு நோட்டீஸ் வரலாம். உரிமையாளர் உங்களோடு எவ்வளவு இணக்கமாக இருந்தாலும் இதைத் தடுப்பது அவர் கையில் இருக்காது. இழப்பு நடந்த பிறகு அந்த உரிமையை அவர் தன்னிச்சையாக விட்டுக்கொடுத்தால் அவருடைய கோரிக்கையே சிக்கலாகும். சில நாடுகளின் சட்டமும் நீதிமன்றத் தீர்ப்புகளும் குடியிருப்பவரை இதிலிருந்து காக்கின்றன, சில இடங்களில் அந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே ஒப்பந்தம் போடும்போதே பேசி முடிக்க வேண்டிய விஷயம் இது.

முதல் படி: கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

“இன்ஷூரன்ஸ் இருக்கிறதா?” என்று வாயால் கேட்டால் “இருக்கிறது” என்று வாயால் பதில் வரும். போன வருடம் காலாவதியான பாலிசியை நினைத்தும் அப்படிச் சொல்லலாம். வீட்டுக்கடனுக்காக வங்கி எடுக்கச் சொன்ன, கடன் முடிந்ததும் நின்றுபோன பாலிசியாகவும் இருக்கலாம். ஆகவே எழுத்தில் கேளுங்கள். கேட்க வேண்டியது பாலிசியின் அட்டவணைப் பக்கம், அதாவது முகவரி, காலம், பயன்பாடு போன்ற முக்கிய விவரங்கள் சுருக்கமாக இருக்கும் பக்கம். முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்பது நல்லது, பதில் விரைவாக வரும். இப்படி எழுதலாம்:

“வணக்கம் ஐயா. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒரு விவரம் தேவைப்படுகிறது. என் பொருட்களுக்குக் காப்பீடு எடுக்கப் போகிறேன். கட்டடத்துக்கு நீங்கள் எடுத்திருக்கும் பாலிசியின் அட்டவணைப் பக்கத்தை மட்டும் அனுப்பினால், இரண்டும் எங்கே பிரிகின்றன என்று பார்த்துக்கொள்வேன். காப்பீட்டுத் தொகையையும் பிரீமியத்தையும் மறைத்து அனுப்பினாலும் போதும். என்னால் தற்செயலாகச் சேதம் ஏற்பட்டால், நிறுவனம் என்னிடம் வசூலிக்குமா என்பதையும் உங்கள் முகவரிடம் கேட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும்.”

தொகையை மறைக்கலாம் என்ற வரி முக்கியம். சொத்தின் மதிப்பு வெளியே தெரிய வேண்டாம் என்ற எண்ணத்தில்தான் பல உரிமையாளர்கள் தயங்குகிறார்கள். குடியிருப்பவருக்குத் தேவையான தகவல் எதுவும் அந்தத் தொகையில் இல்லை. முகவருடைய பதிலும் எழுத்தில் இருக்கட்டும், ஒரு குறுஞ்செய்தியே போதும்.

இரண்டாம் படி: அட்டவணைப் பக்கத்தை வாசிப்பது

முதலில் முகவரியையும் காலத்தையும் பாருங்கள். கதவு எண் சரியா, முடியும் தேதி உங்கள் குடியிருப்புக் காலத்துக்குள் வருகிறதா என்று பார்த்து, அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். புதுப்பித்தபின் புதிய பக்கத்தையும் கேட்க வேண்டும்.

அடுத்தது பயன்பாடு என்ற வரி. அவசரமாகப் பார்ப்பவர்கள் இதைத் தாண்டிவிடுவார்கள். அங்கே “உரிமையாளர் வசிப்பது” என்று இருந்து, வீடு உண்மையில் வாடகைக்கு விடப்பட்டிருந்தால், அந்தப் பாலிசி கோரிக்கை நேரத்தில் கைவிடலாம். வாடகைக்கு விட்டதைத் தெரிவிக்காதது முக்கிய விவரத்தை மறைத்ததாகக் கருதப்படும். உரிமையாளர் முதலில் அங்கே குடியிருந்து, பின்னர் வாடகைக்கு விட்டு, பாலிசியை மட்டும் அப்படியே புதுப்பித்துவரும் வீடுகளில் இந்தக் குறை இருக்க வாய்ப்பு அதிகம். இதைச் சுட்டிக்காட்டினால் உரிமையாளருக்கும் நல்லது. நிறுவனத்துக்குத் தெரிவித்துத் திருத்திக்கொள்ளலாம்.

பிறகு எந்தெந்த ஆபத்துகள் என்ற பட்டியல். தீ, இடி, வெடிப்பு ஆகியவை ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும். வெள்ளமும் நிலநடுக்கமும் பல இடங்களில் தனியாகச் சேர்க்க வேண்டியவை. குழாய் வெடித்துத் தண்ணீர் பாய்வது இருக்கிறதா என்று தேடுங்கள். திடீரெனப் பாய்ந்த தண்ணீருக்குத் தருவார்கள். மாதக்கணக்கில் கசிந்து ஊறிய சுவருக்குப் பொதுவாகத் தரமாட்டார்கள், அது தேய்மானமும் பராமரிப்புக் குறையும் என்று ஒதுக்கப்படும். கழுவுதொட்டிக்கு அடியில் ஈரம் தெரிந்த அன்றே படம் எடுத்து உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டியது இதனால்தான். தெரிவித்ததற்குச் சான்று இருந்தால், பழுதுபார்க்காத பொறுப்பு அவர் பக்கம் போகும். சான்று இல்லாவிட்டால் கவனிக்காமல் விட்ட பொறுப்பு உங்கள் பக்கம் திரும்பும்.

கடைசியாக, கழிவுத் தொகை. ஒவ்வொரு கோரிக்கையிலும் காப்பீடு பெற்றவர் தானே ஏற்க வேண்டிய முதல் பகுதி இது. கழிவு 20,000 என்றால், 60,000 சேதத்துக்கு உரிமையாளருக்குக் கிடைப்பது 40,000. மீதி 20,000 யாருடையது என்பது ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், அது உங்கள் முன்பணத்தில் கழியப் பார்க்கும்.

அடுக்குமாடியாக இருந்தால் இன்னொரு கேள்வி சேரும். பொதுப் பாலிசி குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் இருக்கக்கூடும். அது வெளிச்சுவர், கூரை, பொதுக் குழாய்கள் வரை நின்றுவிடுகிறதா, வீட்டுக்குள் பதித்த அலமாரி, தரை, மின்விளக்கு அமைப்பு வரை வருகிறதா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். சங்கத்தின் பாலிசி இருக்கிறது என்பதை வைத்தே தன் வீட்டின் உட்புறமும் பாதுகாப்பில் இருக்கிறது என்று உரிமையாளர் நம்பியிருக்கலாம். அந்த இடைவெளியில் விழும் சேதத்துக்கு அவர் முதலில் பார்ப்பது உங்களைத்தான்.

மூன்றாம் படி: ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டியவை

வசூல் உரிமையைப் பற்றிய ஒரு வரியைக் கேட்டுப் பாருங்கள். இழப்பு நடப்பதற்கு முன்பே எழுதப்பட்டு, பாலிசியும் அனுமதித்தால், இப்படி ஒரு வரி செல்லுபடியாகும்: “வேண்டுமென்றே செய்த சேதம் நீங்கலாக, கட்டடக் காப்பீட்டில் ஈடுசெய்யப்படும் இழப்புக்கு, உரிமையாளரோ அவருடைய காப்பீட்டு நிறுவனமோ குடியிருப்பவரிடம் வசூலிக்கமாட்டார்கள்.” உரிமையாளர் தன் முகவரிடம் கேட்டு, நிறுவனத்தின் ஒப்புதல் குறிப்பைப் பாலிசியில் சேர்த்துக்கொள்வது பாதுகாப்பானது. முடியாது என்றால் அதுவும் பயனுள்ள பதில்தான். உங்களால் பிறருக்கு வரும் இழப்பை ஈடுசெய்ய நீங்கள் எடுக்கும் பொறுப்புக் காப்பீட்டின் அளவை அது தீர்மானிக்கும்.

கழிவுத் தொகை யாருடையது என்பது இன்னொரு வரி. வீடு குடியிருக்க முடியாமல் போனால் அந்த நாள் முதல் வாடகை நிற்கும், முன்பணம் இத்தனை நாளில் திரும்பும் என்பது மூன்றாவது. உரிமையாளருக்குக் காப்பீடே இல்லாத வீட்டில் இந்த மூன்றாவது வரி மிகவும் தேவை. எரிந்த வீட்டைச் சரிசெய்யப் பணமில்லாதவரிடம் முன்பணமும் மாட்டிக்கொள்ளும், பொருட்களுக்கான பாலிசி எதுவும் முன்பணத்தைத் திருப்பித் தராது.

நான்காம் படி: உங்கள் பொருட்களுக்கான தொகை

ஒவ்வோர் அறையாகக் காணொளி எடுங்கள். அலமாரிக் கதவுகளையும் இழுப்பறைகளையும் திறந்து காட்டுங்கள், மின்சாதனங்களின் பின்புறத்தில் இருக்கும் தொடர் எண்ணைக் கிட்டத்தில் படமெடுங்கள். ரசீதுகளையும் சேர்த்து வீட்டுக்கு வெளியே இருக்கும்படி இணையத்தில் சேமியுங்கள். ஒரே மடிக்கணினியில் வைத்தால் அதுவும் நனைந்துவிடும்.

பிறகு, ஒவ்வொன்றையும் இன்று புதிதாக வாங்க எவ்வளவு ஆகும் என்று எழுதிக் கூட்டுங்கள். பெரிய பொருட்களை யாரும் மறப்பதில்லை. துணி, படுக்கைவிரிப்பு, பாத்திரம், புத்தகம், திரைச்சீலை இவற்றைத்தான் விட்டுவிடுகிறார்கள், கூட்டிப் பார்த்தால் இவை பெரிய தொகையாக நிற்கும். உரிமையாளரின் கட்டிலும் குளிர்பதனப் பெட்டியும் இந்தப் பட்டியலில் வராது.

பிரீமியம் குறையட்டும் என்று தொகையைக் குறைத்துச் சொல்வது ஏன் கெடுதல் என்பதற்கு மேலே சொன்ன வீட்டையே பார்க்கலாம். பொருட்களின் உண்மையான மதிப்பு 5,00,000, காப்பீடு எடுத்தது 3,00,000. இழப்பு 50,000தானே, 3 லட்சத்துக்கு உள்ளே இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் பல பாலிசிகளில் விகித விதி உண்டு. மதிப்பில் ஐந்தில் மூன்று பங்குக்கு மட்டும் காப்பீடு எடுத்ததால், இழப்பிலும் ஐந்தில் மூன்று பங்குதான், அதாவது 30,000 மட்டுமே கணக்கில் வரும். கழிவு 5,000 போனால் கையில் 25,000. சரியான தொகைக்கு எடுத்திருந்தால் 45,000 கிடைத்திருக்கும்.

மதிப்பிடும் முறையும் பார்க்க வேண்டியது. 60,000 கொடுத்து வாங்கிய நான்கு வருட மடிக்கணினிக்கு ஆண்டுக்கு 20 சதவீதத் தேய்மானம் என்று வாங்கிய விலையில் கழித்தால் 12,000தான் மிஞ்சும். பழையதற்குப் புதியது என்ற முறையில் எடுத்திருந்தால், அதே தரத்தில் புதியது வாங்கும் செலவு கணக்காகும். பிரீமியம் கொஞ்சம் கூடும். மின்சாதனங்கள் அதிகமுள்ள வீட்டுக்கு அந்தக் கூடுதல் செலவு தகும் என்பதே எங்கள் கருத்து. துணிகளுக்குப் பெரும்பாலும் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள்.

நகைக்கும் ரொக்கத்துக்கும் ஒரு தனிப்பொருளுக்கும் உச்சவரம்பு இருக்கும். அதைத் தாண்டும் பொருளைப் பெயர் சொல்லித் தனியாகப் பதிய வேண்டும். திருட்டுக்கு, பூட்டை உடைத்து நுழைந்த அடையாளம் இருந்தால்தான் தருவோம் என்ற நிபந்தனை பல பாலிசிகளில் உண்டு. சேர்ந்து வாடகைக்கு இருப்பவர்கள் கவனிக்க: பாலிசியில் பெயர் உள்ளவரின் பொருளுக்கு மட்டுமே பணம் வரும். அறைத்தோழரின் பொருள் அதே அறையில் இருந்தாலும் வராது. வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்கள், தொழிற்கருவிகளும் சரக்கும் சேருமா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

ஐந்தாம் படி: பொறுப்புக் காப்பீடு, அதன் விலக்கு

கீழ்வீட்டுக்காரரின் 40,000க்கும், வசூலாகத் திரும்பக்கூடிய 85,000க்கும் உதவுவது பொருள் காப்பீடு அல்ல, தனிநபர் பொறுப்புக் காப்பீடு. பல பாலிசிகளில் இது கூடவே வரும், அல்லது சிறு பிரீமியத்தில் சேரும். இதில் ஒரு பொறி இருக்கிறது. பொதுவான பொறுப்புப் பிரிவுகளில் “காப்பீடு பெற்றவரின் வசத்தில் இருக்கும் சொத்து” விலக்கப்பட்டிருக்கும். நீங்கள் வாடகைக்கு இருக்கும் வீடும் அதிலிருக்கும் உரிமையாளரின் பொருட்களும் உங்கள் வசத்தில் இருப்பவைதான். ஆகவே கீழ்வீட்டுக் கூரைக்குத் தருவார்கள், உங்கள் வீட்டு மரத்தரைக்குத் தரமாட்டார்கள். “வாடகைக்கு இருக்கும் கட்டடத்துக்கும் உரிமையாளரின் பொருட்களுக்கும் குடியிருப்பவரின் பொறுப்பு” என்ற நீட்டிப்பு இருக்கிறதா என்று முகவரிடம் இதே சொற்களில் கேளுங்கள். தொகையை உங்கள் பொருட்களின் மதிப்பை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். ஒரு சமையலறைத் தீ மேல்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பரவினால் என்ன ஆகும் என்பதே அதற்கு அளவு.

மாற்று இருப்பிடச் செலவும் இங்கே பார்க்க வேண்டியது. உரிமையாளரின் பாலிசியில் வாடகை இழப்பு என்று இருந்தால் அது அவருக்குக் கிடைக்கும் பணம். வீடு காயும்வரை நீங்கள் வேறிடத்தில் தங்கும் செலவு உங்கள் பாலிசியில் இருக்க வேண்டும். அதிலும் வழக்கமான வாடகைக்கு மேல் ஆகும் கூடுதல் செலவை மட்டும் தருவதே பொதுவான முறை, நாள் வரம்பும் இருக்கும்.

சேதம் நடந்த அன்று

முதன்மைத் தண்ணீர் வால்வை மூடுங்கள். சுவிட்ச் பலகைக்குத் தண்ணீரில் நடந்து போகாமல் எட்ட முடிந்தால் மட்டும் மின்சாரத்தை நிறுத்துங்கள். எதையும் நகர்த்தும் முன் படமெடுங்கள், பிறகு நனையாததைக் காப்பாற்றுங்கள். சேதம் பரவாமல் தடுப்பது பாலிசியின் நிபந்தனையே. உரிமையாளருக்கும் உங்கள் நிறுவனத்துக்கும் அன்றே தெரிவியுங்கள். சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்க்கும்வரை நனைந்த மெத்தையையும், குறிப்பாகக் கழன்ற குழாயையும் தூக்கி எறியாதீர்கள். கவனக்குறைவா, தயாரிப்புக் குறையா, பழைய பழுதா என்ற கேள்விக்கு அந்தக் குழாய்தான் சான்று.

கீழ்வீட்டுக்காரர் கோபத்தோடு வந்து நிற்கும்போது “என் தப்புதான், முழுவதும் நான் தருகிறேன்” என்று எழுதிக்கொடுக்காதீர்கள். நிறுவனத்தின் ஒப்புதலின்றிப் பொறுப்பை ஏற்றால், பொறுப்புக் காப்பீட்டில் கோரிக்கை மறுக்கப்படலாம். வருத்தம் தெரிவிக்கலாம், தண்ணீர் துடைக்க உதவலாம், “என் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டேன், அவர்கள் உங்களைத் தொடர்புகொள்வார்கள்” என்று சொல்லலாம்.

பாலிசி எடுத்த பிறகு மாறுபவை

வீடு தொடர்ந்து ஆளின்றி இருந்தால் பல பாலிசிகள் 30 அல்லது 60 நாட்களுக்குப் பிறகு திருட்டையும் தண்ணீர்ச் சேதத்தையும் விலக்கிவிடும். நீண்ட பயணத்துக்கு முன் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள், முதன்மை வால்வை மூடிவிட்டுக் கிளம்புங்கள். சலவை இயந்திரத்தின் ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான பரிந்துரை. மாற்றிய ரசீதைக் காப்பீட்டுக் கோப்பிலேயே வையுங்கள், கவனக்குறைவு இல்லை என்று காட்ட உதவும். இயந்திரம் உரிமையாளருடையது என்றால் குழாயை மாற்றும்படி அவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

வீடு மாறும்போது பாலிசி தானாகப் புதிய முகவரிக்கு வராது. நாளைக் குறிப்பிட்டு மாற்றச் சொல்ல வேண்டும். பொருட்கள் வண்டியில் இருக்கும் நேரத்துக்கு வீட்டுப் பாலிசி பொருந்துமா என்றும் அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள். பொருந்தாது என்றால் அந்த ஒரு நாளுக்கு இடமாற்றக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டியிருக்கும்.